கழுத்துச் சங்கிலிகள்: வலிமை, மடிப்பு, பழுது

கர்ப், பாக்ஸ், முறுக்கு, ஸ்நேக் ஆகியவை தங்கத்திலும் வெள்ளியிலும் பரவலாகச் செய்யப்படும் நான்கு வகைச் சங்கிலிகள். ஒரே எடை, ஒரே நீளம் என்றாலும் இவற்றின் உழைப்பு வேறுபடும். கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் விதமே அதற்குக் காரணம்.

கர்ப் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனி வளையம். சற்றே முறுக்கப்பட்டிருப்பதால் கழுத்தில் தட்டையாகப் படியும். எடை முழுவதும் ஒற்றைக் கம்பியில் சேர்வதால் கம்பி தடிமனாக அமைகிறது. சுருண்டு சிக்கினாலும் உதறினால் நேராகிவிடும். அறுந்தால் பத்தர் ஒரு கண்ணியை மட்டும் பக்கவாட்டில் திருகித் திறந்து கோத்து, வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார். அரம் போட்டு மெருகேற்றியபின் ஒட்டிய இடம் எளிதில் தெரியாது. தினமும் அணிய இதுவே சிறந்தது.

முறுக்குச் சங்கிலியில் மெல்லிய கண்ணிகள் பல, ஒவ்வொன்றும் அடுத்த சிலவற்றினூடே நுழைந்து திருகிச் செல்கின்றன. இழுவிசை பகிரப்படுவதால் கெட்டியான முறுக்கு நன்றாகத் தாங்கும், எளிதில் மடியாது. அறுந்தால்தான் தொல்லை. முனையில் இரண்டு மூன்று கண்ணிகள் உதிர்ந்துவிடும். அவற்றை அதே திருகல் திசையில் மீண்டும் கோக்க வேண்டும். ஊதும்போது உருகிய பொடி பக்கத்துக் கண்ணிகளுக்குள்ளும் ஓடினால் அந்த இடம் குச்சிபோல விறைத்துவிடும். பிறகு வளைவு முழுவதும் அந்த விறைப்பின் ஓரத்தில் விழுவதால், அடுத்த முறை அங்கேயே அறும். உள்ளீடற்ற முறுக்கில் தகடு மெல்லியது. நசுங்கினால் பழைய வடிவம் திரும்பாது.

பாக்ஸ் சங்கிலியின் சதுரக் கண்ணிகள் நான்கு பக்கமும் மடங்கும். தடித்தது நன்றாக உழைக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லியது, சிறு பதக்கத்துக்கு மேல் சுமக்கக் கூடாது. வெடுக்கென்று இழுத்தால் மூலையில் விரிந்துவிடும். ஒட்டலாம், ஆனால் ஒட்டிய கண்ணி அசையாமல் இறுகிப்போக வாய்ப்புண்டு.

ஸ்நேக் சங்கிலியில் நெருக்கமாக அடுக்கிய வளைந்த பட்டைகள் குழாய்போல் சேர்ந்திருக்கும். விரலில் சுற்றும் அளவுக்கு வளையும். கூர்மையாக மடித்தால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மாட்டிக்கொள்ளும். கண்ணாடி மேல் நேராக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், மடிந்த இடத்தில் ஒளிக்கோடு முறியும். நீவினால் தணியலாம், ஆனால் தழும்பு பெரும்பாலும் போகாது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, முனைகளைச் சிறு குழலில் செருகி ஒட்டுவதே வழி. நீளம் குறையும், குழல் இருக்கும் இடம் வளையாது. ஆகவே இதைச் சுருட்டிப் பெட்டியில் திணிக்காமல் தொங்கவிட்டு வைப்பார்கள்.

நான்கிலும் தேய்வு முதலில் தெரிவது கொக்கியை ஒட்டிய கடைசி வளையத்தில். அதன் உட்புறம் பாதி தேய்ந்திருந்தால், அறுவதற்கு முன்பே அதை மட்டும் மாற்றிவிடலாம்.