கடிக்காத படிகாரம்

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு "மோர்திர்" என்ற வினைச்சொல் தெரிந்திருக்கும். கடித்தல் என்று பொருள். சாயத்துக்கு முன்னால் துணியில் ஏற்றும் படிகாரம் போன்ற சரக்குகளுக்கு "மொர்தான்", அதாவது கடிப்பது, என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது. அந்த உப்பு நூலைக் கடித்து நுண்துளைகளைத் திறக்கிறது, சாயத்துகள் உள்ளே போய் உட்காருகிறது என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் நம்பினார்கள். 1750-ல் கம்பளிச் சாயம் பற்றிப் புத்தகம் எழுதிய ழான் எல்லோவின் விளக்கமும் ஏறக்குறைய இதுதான்.

படிகாரம் எதையும் கடிப்பதில்லை. அது செய்கிற வேலையை நம் புதுச்சேரியிலேயே ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் பொலியே. 1734 வாக்கில், துய்ஃபே என்ற பாரிஸ் வேதியியலாளர் கேட்டுக்கொண்டபடி, பூத்துணி எழுதுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து வேலையைக் கவனித்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். அலுவலகக் கோப்பில் தாள் சேர்ப்பது மாதிரிதான்! அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. இத்தனைக்கும் நம் பூத்துணியைப் பிரான்சில் விற்கக் கூடாது என்று 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. தடை போட்டவர்கள்தான் இரகசியத்தையும் தேடினார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1742-ல், கேர்து என்ற சேசுசபைப் பாதிரியாரும் இதே தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார்.

வேலை கடுக்காயில் தொடங்குகிறது. கடுக்காயை அரைத்து எருமைப்பாலில் கலக்கி, வெளுத்த துணியை அதில் நனைத்துக் காய வைப்பார்கள். பருத்தி நூலுக்குச் சாயத்தின் மீது இயல்பாக ஒட்டுதல் இல்லை. கடுக்காயின் துவர்ப்பு நூலில் படிந்து, பின்னால் வரும் படிகாரத்துக்குப் பிடிமானம் தருகிறது. பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் தடுக்கிறது.

அடுத்ததுதான் அயலார் நம்ப மறுத்த இடம். சிவப்புப் பூ வரவேண்டிய இடத்தில் சிவப்பை எழுதுவதே இல்லை. படிகாரத் தண்ணீரைத்தான் எழுதுகிறார்கள். அது நிறமற்றது என்பதால், கோடு கண்ணுக்குத் தெரிவதற்காகக் கொஞ்சம் பதிமுகச் சாறு சேர்த்துக்கொள்வார்கள். கறுப்புக் கோட்டுக்கு, புளித்த கஞ்சியில் இரும்பு ஊறவைத்த தண்ணீர். வெயிலில் நன்றாகக் காய வைத்து, நூலில் பிடிக்காமல் நிற்கும் மிச்சப் படிகாரத்தைக் குளத்தில் அலசிப் போக்குவார்கள். இந்த அலசலில் சோம்பினால் மிச்சப் படிகாரம் சாயப்பானையில் கரைந்து, சாயத்தைத் துணிக்கு வரவிடாமல் தானே பிடித்துக்கொண்டு அடியில் வண்டலாகத் தங்கிவிடும். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்திலும் சிவப்பு ஏறும்.

பிறகு சாயவேர்ப் பொடி போட்ட தண்ணீரில் துணி முழுவதையும் போட்டு மெல்லச் சூடேற்றுவார்கள். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். மற்ற இடத்தில் லேசான கறைதான். ஆட்டுப்புழுக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் வெளுத்தால் அந்தக் கறை போய்விடும், பூ போகாது.

ஏன் போகாது? படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அதற்குப் பல கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் நூலையும் கடுக்காய்த் துவர்ப்பையும் பிடித்துக்கொள்கிறது, இன்னொரு கையால் சாயவேரின் அலிசரினைப் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு புதுப்பொருள் உண்டாகிறது. கரையாததைத் தண்ணீர் எப்படிக் கொண்டுபோகும்? நிறமும் அந்தப் பிடியில்தான் தெளிகிறது. அதே வேர், படிகாரத்தின் மேல் சிவப்பு, இரும்பின் மேல் ஊதா கலந்த கருமை. நம் பாடப்புத்தகத்தில் இதற்கு நிறமூன்றி என்ற சொல் இருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லைவிட இதுவே உண்மைக்குக் கிட்டே நிற்கிறது என்பது என் கட்சி.

அவுரி நீலத்துக்குப் படிகாரம் வேண்டாம். அது கரைந்த நிலையில் நூலுக்குள் போய், காற்றுப்பட்டதும் தானாகவே கரையாததாகிவிடும். அதனால் நீலம் தனிச் சாயக்காரர் வேலை. நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடி அனுப்புவார்கள்.

படிகாரத்தின் காவல் தண்ணீருக்குத்தான், வெயிலுக்கு அல்ல. பதிமுகத்தைப் படிகாரத்தில் ஊன்றினாலும் வெயிலில் சீக்கிரம் வெளிறும். சாயவேர் தாங்கும். அது அந்தந்தச் சாயத்தின் உடம்பு வாகு. இரும்புக்கு வேறொரு குணம் உண்டு. நாளாவட்டத்தில் அது நூலையே அரித்துவிடும். அருங்காட்சியகத்தில் பழைய பூத்துணியைப் பார்க்க நேர்ந்தால் கறுப்புக் கோடுகளை உற்றுப் பாருங்கள். சிவப்புப் பூ முழுதாக இருக்கும், அதைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் இற்றுப்போய் இடைவெளி விட்டிருக்கும்.