அரபுச் செய்தியிலிருந்து வாசிப்பு வினாத்தாள் அமைத்தல்

அரபு வாசிப்பு வினாத்தாள் என்பது, செய்தித்தாள் நடையில் அமைந்த ஒரு சிறு அரபுப் பத்தியை மாணவர் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டார் என்பதை அறிய ஆசிரியர் அமைக்கும் வினாத் தொகுப்பு. அதனுடன் வரும் விடைக்குறிப்பும் அதன் ஒரு பகுதியே. செய்தி எழுதப்படுவது ஃபுஸ்ஹா எனப்படும் பொது எழுத்து அரபியில். அதில் குறில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எனவே ஒரே எழுத்துக்கோவையை இரண்டு விதமாக வாசிக்க முடிகிறது. பாடநூல் பத்தியிலிருந்து வினா எடுப்பதற்கும் செய்தியிலிருந்து எடுப்பதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான்.

இடைநிலை மாணவருக்கு ஐந்து அல்லது ஆறு வாக்கியங்கள் போதும். எடுத்துக்காட்டாக, 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் தரைதட்டிய செய்தியைக் கொள்ளலாம். ஆசிரியர் சுருக்கி எழுதிய அரபுப் பத்தியின் உள்ளடக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

(1) தரைதட்டி நின்ற எவர் கிவன் கப்பல் மிதக்க வைக்கப்பட்டதாகச் சூயஸ் கால்வாய் ஆணையம் மார்ச் 29 திங்கட்கிழமை அறிவித்தது. (2) 400 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் அதே மாதம் 23ஆம் தேதி கால்வாயின் குறுக்கே தரைதட்டியது. (3) காத்திருக்கும் கப்பல்கள் 422 என்றும், அவற்றின் கடப்புக்கு மூன்றரை நாள் ஆகலாம் என்றும் ஆணையத் தலைவர் உசாமா ரபீஃ கூறினார். (4) பலத்த காற்றும் புழுதிப்புயலும் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. (5) காற்று மட்டுமே காரணமாக இல்லாமல் இருக்கலாம், தொழில்நுட்பக் கோளாறோ மனிதப் பிழையோ இருக்கக்கூடும் என்று ரபீஃ முன்பே கூறியிருந்தார்.

வாக்கியங்களுக்கு இலக்கமிடுவது ஆசிரியரின் வசதிக்காக. மாணவர் கையில் தரும் தாளில் இலக்கம் வேண்டியதில்லை. பெரும்பாலோர் முதலில் வினாக்களை எழுதிவிட்டு, விடையைப் பிறகு நிரப்புவார்கள். வரிசையை மாற்றுவது நல்லது. முதலில் மாணவர் எங்கே தடுக்குவார் என்று பத்தியில் குறித்து, அந்த இடத்துக்குரிய விடையை எழுதி, பிறகு அவ்விடையை வரவழைக்கும் வினாவை அமைக்க வேண்டும். அப்போதுதான் எந்த வாக்கியமும் தராத விடையைக் கேட்டுவிடும் ஆபத்து குறையும்.

இந்தப் பத்தியில் தடுக்கும் இடம் மூன்று. முதலாவது, சுட்டுப்பெயர். மூன்றாம் வாக்கியத்தில் ‘உபூரஹா’ என்று வருகிறது. ‘ஹா’ என்ற ஒட்டு பெண்பால் ஒருமைக்கு உரியது. ஆனால் அரபியில் மனிதர் அல்லாதவற்றின் பன்மையும் பெண்பால் ஒருமையாகவே நடத்தப்படும். இங்கே ஆணையம், கால்வாய், கப்பல், கப்பல்கள் ஆகிய எல்லாச் சொற்களுக்கும் இதே ஒட்டு பொருந்தும். ஆகவே ‘கடக்கப்போவது எது?’ என்று கேட்டால், இலக்கணத்தை மட்டும் நம்பி விடை காண முடியாது; வாக்கியத்தின் பொருளைப் பார்த்தே தீர வேண்டும். விடை, காத்திருக்கும் 422 கப்பல்கள். ‘எவர் கிவன்’ என்று எழுதியவர் ஒட்டை ஒருமையாக எடுத்துக்கொண்டார் என்பதும் தெரிந்துவிடும். பேச்சில் ‘மாடுகள் வந்தது’ என்று சொல்லிப் பழகிய தமிழ் மாணவருக்கு இந்த விதி அவ்வளவு அந்நியமாக இராது.

இரண்டாவது, ‘கத்’ என்ற இடைச்சொல். இறந்தகால வினைக்கு முன் வந்தால் அது நிகழ்ந்ததை உறுதிப்படுத்தும். நிகழ்கால வினைவடிவுக்கு முன் வந்தால் ‘கூடும், இருக்கலாம்’ என்ற ஐயம் தரும். ஐந்தாம் வாக்கியத்தின் உயிர்நாடி இதுதான். ‘கப்பல் சிக்கியதற்குக் காரணம் என்ன?’ என்று கேட்பது பிழையான வினா. பத்தி எந்தக் காரணத்தையும் முடிவாகச் சொல்லவில்லை. ‘ரபீஃபின் கூற்றுப்படி, காற்றைத் தவிர வேறு எவை காரணமாக இருக்கக்கூடும்?’ என்று கேட்டால் விடை பத்திக்குள்ளேயே இருக்கும். எவர் கிவன் கதையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் பத்தியை வாசிக்காமலே காற்று என்று எழுதிவிடுவார் என்பதும் இவ்வினாவை இப்படித் திருத்துவதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, செயப்பாட்டு வினை. ‘உவ்விமத்’ (மிதக்க வைக்கப்பட்டது), ‘அவ்வமத்’ (மிதக்க வைத்தது) இரண்டும் எழுத்தில் ஒன்றே. இதைச் சோதிக்கவில்லை என்றால் முதல் எழுத்தின் மேல் உகரக் குறியை இட்டுவிடலாம். மாணவரை வீணாகத் திணறடிப்பதில் பயனில்லை. குறி இட்டாலும் ‘மிதக்க வைத்தது யார்?’ என்று கேட்கக் கூடாது. செயப்பாட்டில் அதைச் செய்தவர் சொல்லப்படவில்லை.

வினாவின் சொற்களும் கவனத்துக்குரியவை. பத்தியில் ‘ஜனஹத்’ (தரைதட்டியது) என்று இருந்து வினாவிலும் அதே சொல் வந்தால், மாணவர் சொல்லைத் தேடிப்பிடித்து அடுத்து வரும் தேதியைப் பார்த்து எழுதிவிடுவார். பொருள் புரிந்திருக்க வேண்டியதில்லை. வினாவில் ‘அலிகத்’ (சிக்கிக்கொண்டது) என்று மாற்றினால் போதும். தொடக்க நிலையினருக்கு வினாக்களைத் தமிழிலேயே கேட்கலாம். இல்லையேல் வினா புரியாததால் இழந்த மதிப்பெண், பத்தி புரியாததால் இழந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

விடைக்குறிப்பில் சரியான விடையை மட்டும் எழுதி வைப்பது போதாது. ஆதார வாக்கியம், ஏற்கத்தக்க மாற்றுவிடைகள், ஏற்கத்தகாதவை, மதிப்பெண் பிரிப்பு ஆகியவையும் வேண்டும். மேற்சொன்ன காரண வினாவுக்குரிய குறிப்பு இப்படி அமையும்: ‘தொழில்நுட்பக் கோளாறு, மனிதப் பிழை. ஆதாரம்: வாக்கியம் 5. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். “மாலுமியின் தவறு” என்ற விடையை ஏற்கலாம். “புழுதிப்புயல்” என்பதை ஏற்க வேண்டாம். அது வாக்கியம் 4இல் முதலில் சொல்லப்பட்ட காரணம். எழுத்துப்பிழைக்குக் கழிக்க வேண்டாம்.’ மாலுமியின் தவறு மனிதப் பிழையின் ஒரு வகைதான் என்றாலும், பத்தி அந்த அளவுக்குக் குறுக்கிச் சொல்லவில்லை. கண்டிப்பான ஆசிரியர் அதை மறுக்கலாம். இரண்டில் எது என்பதைத் தாள் திருத்தத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

எண்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘கால்வாய் எத்தனை நாள் அடைபட்டிருந்தது?’ என்று கேட்டால், 23ஆம் தேதியையும் 29ஆம் தேதியையும் சேர்த்து எண்ணுபவர் ஏழு என்பார். கழித்துப் பார்ப்பவர் ஆறு என்பார். இரண்டையும் ஏற்பதாகக் குறிப்பில் எழுதலாம். அல்லது ‘எந்தக் கிழமை சிக்கியது?’ என்று வினாவையே மாற்றலாம். பத்தியில் கிழமை திங்கள் மட்டுமே உண்டு. 29இலிருந்து 23க்குப் பின்னோக்கி எண்ணினால் செவ்வாய் என்ற ஒரே விடை வரும். இரண்டு வாக்கியங்களை இணைத்து வாசித்தவருக்குத்தான் இது கிட்டும். எகிப்திய இதழ்களில் வழங்கும் கிழக்கு அரபு இலக்கங்களில் பத்தி அச்சாகியிருந்தால், 2ஐயும் 3ஐயும் குழப்பிக்கொள்ளும் புதியவர்கள் உண்டு. இலக்கம் வாசிப்பது சோதனையின் நோக்கம் இல்லையென்றால் பழகிய இலக்கங்களுக்கு மாற்றிவிடலாம்.

‘சரியா தவறா’ வகை வினாவில் குருட்டு ஊகத்துக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ‘காற்றுக்கு இதில் பங்கே இல்லை என்றார் ரபீஃ’ என்ற கூற்றைத் தந்து, தவறு எனக் குறிப்பதோடு ஆதார வாக்கியத்தையும் எழுதச் சொன்னால் அந்த வாய்ப்பு சுருங்கும். ‘அல்வஹீத்’ (ஒரே) என்ற சொல்லைக் கவனிக்காதவர் இங்கே சிக்குவார். கொள்குறி வினாவில் தவறான தெரிவுகள் பத்திக்குள்ளிருந்தே வர வேண்டும். கப்பலின் எடை பற்றிப் பத்தி பேசாதபோது அதைத் தெரிவாக வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்.

வகுப்பில் தருவதற்கு முன், பத்தியைக் காட்டாமல் வினாக்களை மட்டும் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது எளிய சோதனை. பொது அறிவைக் கொண்டே அவர் விடையளித்துவிடும் வினாக்களை நீக்கவோ திருத்தவோ வேண்டும். பிறகு பத்தியுடன் கொடுத்து, அவர் விடை குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாத இடத்தில் பெரும்பாலும் குறிப்பே திருத்த வேண்டியதாக இருக்கும். திருத்தும்போது பலர் எழுதிய எதிர்பாராத விடை ஒன்று நியாயமாகத் தோன்றினால் அதைக் குறிப்பில் சேர்த்துவிட்டு, முன்பே திருத்திய தாள்களையும் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். நன்றாக எழுதிய மாணவர்கள் தவறவிட்டு, பலவீனமான மாணவர்கள் சரியாக எழுதிய வினா இருந்தால், அந்த வினாவிலோ விடைக்குறிப்பிலோ கோளாறு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.