லைக்கன் ஸ்கிளிரோசிஸ்

லைக்கன் ஸ்கிளிரோசிஸ் என்பது பெண்ணுறுப்பின் வெளித்தோலிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் நாட்பட்ட தோல் அழற்சி. மாதவிடாய் நின்ற பெண்களிடமே மிகுதி, சிறுமியருக்கும் வரும். இது தொற்றுநோய் அன்று.

வரலாறு: பிராகாவில் பிரெய்ஸ்கி 1885இல் பெண்ணுறுப்புத் தோல் சுருங்கும் நிலையை விவரித்தார். பாரிஸில் ஹல்லோப்போ 1887இல் வெண்ணிறத் தழும்புகளை லைக்கன் பிளேனஸின் ஒரு வகையாகப் பதிவுசெய்தார். அவற்றின் திசு அமைப்பை 1892இல் டாரியே விளக்கினார். மருத்துவர்கள் நெடுங்காலம் இதை வெவ்வேறு நோய்களாக எண்ணி வந்தனர். 1976இல்தான் இன்றைய பெயர் நிலைபெற்றது.

கண்டறிதல்: இரவில் கூடும் அரிப்பே முதல் அறிகுறி. தோல் வெளுத்து, கசங்கிய மெல்லிய தாள்போலச் சுருங்கும். சொறிந்த இடத்தில் ஊதா நிற இரத்தப் புள்ளிகள் தோன்றும். நாளடைவில் உள்ளிதழ்கள் ஒட்டி மறையும், வாயில் குறுகும். பூஞ்சைத் தொற்றில் தோல் சிவந்து, தயிர்த் திரள் போன்ற வெள்ளை படும். லைக்கன் பிளேனஸில் யோனிக்குள்ளும் ஈறுகளிலும் புண் உண்டாகலாம். லைக்கன் ஸ்கிளிரோசிஸ் பொதுவாக யோனிக்குள் பரவுவதில்லை. ஓயாமல் சொறிவதால் தோல் தடித்துப்போவது லைக்கன் சிம்ப்ளெக்ஸ். நோயை அறியக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாலும் போதும். ஐயமிருந்தாலோ, ஆறாத புண் அல்லது கட்டி இருந்தாலோ மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு தோல்துண்டு எடுத்துச் சோதிப்பர்.

எடுத்துக்காட்டாக, 58 வயதுக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் பூஞ்சைக் களிம்பை மாதக்கணக்கில் பூசியும் அரிப்பு தீரவில்லை என்று வருகிறார். சலரோகம் இல்லை, வெள்ளைபடுதலும் இல்லை. இந்த வயதில் இவை இரண்டும் இல்லாதபோது பூஞ்சைத் தொற்று அரிது. பரிசோதித்தால் வெளுத்த தோல் தெரிகிறது.

பராமரிப்பு: குளோபெட்டசோல் 0.05% களிம்பு இரவில் பூச வேண்டும்: 4 வாரம் தினமும், அடுத்த 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பின்னும் 4 வாரம் வாரம் இருமுறை. ஒருமுறைக்கு விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரையான அளவு, சுமார் அரை கிராம். 50 முறைக்கு 25 கிராம். ஆகவே இந்த 12 வாரத்துக்கு 30 கிராம் டியூப் ஒன்றே போதும். அரிப்பு நின்றதும் மருந்தை விட்டுவிடுவதே வழக்கமான தவறு. நோய் மீளும், போன வடிவம் திரும்பாது. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தை ஒழுங்காகப் பூசிய 357 பேரில் எவருக்கும் அவ்விடத்தில் புற்றுநோயோ அதன் முன்னிலையோ வரவில்லை. ஒழுங்கின்றிப் பூசிய 150 பேரில் 7 பேருக்கு வந்தது. எனவே பராமரிப்பு ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது. சவர்க்காரமும் டெட்டோலும் ஆகா. வெறும் நீரில் கழுவி வாசலின் தடவலாம். ஆண்டுக்கொருமுறை பரிசோதனை வேண்டும்.

மலையகத்தில்: பொல்பிட்டிய போன்ற தோட்டப்புறங்களின் பெண்களுக்கும் உரிய 'வெல் வுமன்' கிளினிக்குகள் இலங்கையில் 1996இல் தொடங்கின. அங்கு எடுக்கும் பாப் பரிசோதனை கருப்பை வாயை மட்டுமே காட்டும். அரிப்பு இருந்தால் வெளித்தோலையும் பார்க்கும்படி கேட்க வேண்டும்.