காப்புறுதி உத்தரவாத நிதி (மலேசியா)

காப்புறுதி நிறுவனம் நொடித்துப்போனாலும், அதனிடம் அனுவிட்டி வாங்கியவர்களுக்கு மாத வருமானம் தொடர்ந்து கிடைக்கச் செய்யும் நிதி. மலேசியாவில் இதை பிஐடிஎம் எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் நடத்துகிறது.

இத்தகைய நிதி எதற்கு என்பதைக் காட்டிய சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 1986இல் பசிபிக் லம்பர் என்ற மரநிறுவனத்தை வாங்கிய மக்ஸாம், தொழிலாளரின் ஓய்வூதியத் திட்டத்தை முடித்து, அதற்குப் பதிலாக எக்ஸிகியூட்டிவ் லைஃப் நிறுவனத்திடம் அனுவிட்டி வாங்கிக் கொடுத்தது. அந்த நொடியிலேயே அரசின் ஓய்வூதிய உத்தரவாதம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அபாயகரமான கடன்பத்திரங்களில் பணத்தைக் கொட்டியிருந்த எக்ஸிகியூட்டிவ் லைஃபை 1991 ஏப்ரலில் கலிபோர்னியா அரசு கைப்பற்றியது. அதன்பின் சில காலம் அனுவிட்டிக்காரர்களுக்கு மாதப்பணத்தில் 70 விழுக்காடுதான் வந்தது.

ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு தனியார் நிறுவனங்களிடம் அனுவிட்டி வாங்கும் திட்டம் மலேசியாவிலும் 2000ஆம் ஆண்டில் வந்தது. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கடுமையாக எதிர்த்ததால் மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. அப்போது நொடிப்பைத் தாங்க இருந்தது 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாரா வைத்திருந்த உத்தரவாத நிதி. இன்றைய ஏற்பாடு 31 டிசம்பர் 2010இல் தொடங்கியது. பொறுப்பு பிஐடிஎம்முக்கு மாறியது. கட்டணத்தைக் காப்புறுதி நிறுவனங்களே முன்கூட்டிச் செலுத்துகின்றன. பாலிசிதாரர் விண்ணப்பிக்கவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. மரபுவழிக் காப்புறுதிக்கும் தக்காஃபுலுக்கும் நிதிகள் தனித்தனி.

அனுவிட்டிக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரிங்கிட். பத்துமலையில் ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு ஒரே நிறுவனத்தின் இரண்டு அனுவிட்டிகளிலிருந்து மாதம் 7,000, 5,000 ரிங்கிட் வருவதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டித்தான் வரம்பு பார்க்கப்படும். ஆகவே 12,000இல் 10,000க்குத்தான் உத்தரவாதம் உண்டு. மீதி 2,000க்கு அவர் கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்திலிருந்து வருவதை எதிர்பார்க்க வேண்டும். அவற்றை இரண்டு நிறுவனங்களில் வாங்கியிருந்தால் முழுத்தொகைக்கும் பாதுகாப்பு இருந்திருக்கும்.

நொடித்த நிறுவனத்தின் பாலிசிகளை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றவும் பிஐடிஎம்முக்கு அதிகாரம் உண்டு. அனுவிட்டிக்காரருக்கு மொத்தப் பணத்தைத் திருப்பித் தருவதைவிட இதுவே நல்லது என்பேன். எழுபத்தைந்து வயதில் அந்தப் பணத்தோடு சந்தைக்குப் போகிறவருக்குப் பழைய விலையில் புதிய அனுவிட்டி கிடைக்காது.

முதலீட்டோடு இணைந்த பாலிசியின் யூனிட் பகுதிக்கு இந்த உத்தரவாதம் இல்லை. ஊழியர் சேமநிதியும் இதில் சேராது. அது காப்புறுதி நிறுவனமன்று, தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிதி. எனவே அனுவிட்டி வாங்குமுன், விற்கும் நிறுவனம் பிஐடிஎம் உறுப்பினரா என்பதையும், பாலிசியில் எந்தெந்தப் பலன்கள் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.