அச்சக அடக்கவிலைத் தாள்

அச்சகத்துக்கு வரும் ஒவ்வோர் ஆர்டருக்கும் காகிதம், மை, மெஷின் நேரம், ஆள் கூலி ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, விலை சொல்வதற்கு முன் போடும் பக்கமே அடக்கவிலைத் தாள். பல சிறு அச்சகங்களில் இது ஜாப் கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கும். அச்சுத் தொழிலுக்கென ஒரே மாதிரியான கணக்குமுறை வேண்டும் என்ற முயற்சி அமெரிக்காவில் 1909-இல் சிகாகோவில் கூடிய அச்சக முதலாளிகளின் மாநாட்டில் வலுப்பெற்றது. பிரிட்டனில் 1913-இல் அச்சக உரிமையாளர் கூட்டமைப்பு அப்படி ஒரு முறையை ஏற்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பக்கத்து அச்சகத்தைவிடக் குறைத்துச் சொல்லியே பலர் நஷ்டப்பட்டார்கள்.

திருவண்ணாமலையில் வேலை ஆண்டு முழுக்கச் சீராக வருவதில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கு முன் ஒரு நெரிசல், கார்த்திகை தீபத்துக்கு முன் பெரிய நெரிசல், நடுவே மெஷின் சும்மா கிடக்கும் நாட்கள். ஆகவே இவ்வூரில் இந்தத் தாளின் கடினமான வரி காகிதம் அல்ல, மெஷின் நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு. தீபத்தன்று அன்னதானம் என்று அறிவிக்கும் 5,000 நோட்டீஸ். டெமி 1/4 அளவு, ஒரு பக்கம், கறுப்பு, சிவப்பு இரண்டு நிறம், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. அச்சிடுவது ஒரே நிறம் ஓடும் மினி ஆஃப்செட்டில், தாளுக்கு இரண்டு நோட்டீஸாக. கீழே வரும் விலைகள் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை.

2,500 நல்ல தாள் வேண்டும். நிறம் பொருத்துவதில் வீணாகும் தாளுக்காக 150 கூட்டினால் 2,650. ஒரு டபுள் டெமித் தாளில் (23×36 அங்குலம்) இதுபோல நான்கு கிடைக்கும். ஆக 663 டபுள் டெமி. அங்குலத்தில் நீளத்தையும் அகலத்தையும் ஜிஎஸ்எம்மையும் பெருக்கி 3,100-ஆல் வகுத்தால் 500 தாள் கொண்ட ரீமின் எடை கிலோவில் வரும்; இங்கே 18.7. அப்படியானால் 663 தாளுக்கு 24.8 கிலோ; கிலோ 90 ரூபாய் என்றால் 2,232 ரூபாய்.

மை பலர் நினைப்பதைவிடச் சின்ன வரி. எழுத்து மட்டும் உள்ள நோட்டீஸுக்கு, கழுவும்போது போவதையும் சேர்த்து, கால் கிலோ தாராளம், 125 ரூபாய். ஆனால் பின்னணி முழுவதும் சிவப்பு கேட்டால் மை பல மடங்காகும், காயவும் நேரம் பிடிக்கும். அப்போது இந்த வரியைப் பழைய வழக்கப்படி எழுதக் கூடாது.

இனி மெஷின். இடம், தவணை, மின்சாரம், பழுது எல்லாம் சேர்ந்து மாதம் 36,000 ரூபாய் என்போம். 25 நாள், எட்டு மணி என்று 200-ஆல் வகுத்தால் மணிக்கு 180. உண்மையில் வேலைக்குப் போனது 120 மணி மட்டுமே என்றால் 300. பெரும்பாலான தவறு இந்த வகுத்தலில்தான். சும்மா கிடந்த மணிகளின் செலவையும் ஓடிய மணிகள்தான் சுமக்க வேண்டும். மெஷின்மேனுக்கும் உதவியாளுக்கும் சேர்த்து நாளுக்கு 1,150 கூலி என்றால், 25 நாள் கூலியை அதே 120 மணியால் வகுக்க மணிக்குச் சுமார் 240. கூலியை மணி விலைக்குள்ளேயே சேர்ப்பவர்கள் அதைத் தனி வரியாக மறுபடி எழுதிவிடக் கூடாது.

நேரம் எவ்வளவு? நிறத்துக்கு 40 நிமிடம் தயார்செய்ய, நடுவில் உருளை கழுவ 30, மணிக்கு 4,000 வேகத்தில் ஓட்ட நிறத்துக்கு 40. மொத்தம் மூன்று மணி பத்து நிமிடம். மெஷினுக்கு 950, கூலிக்கு 760. பிளேட் இரண்டுக்கு 240, டிடிபி 300, கட்டிங் 120 சேர்த்தால் 4,727. பொதுச்செலவு பத்து சதவீதம், அதன்மேல் லாபம் பதினைந்து சதவீதம் வைத்தால் ஏறக்குறைய 5,980. ஜிஎஸ்டி இதற்கு வெளியே.

வாடிக்கையாளர் 10,000 கேட்டால்? தயார்செய்தல், பிளேட், டிடிபி மாறாது. காகிதம், மை, ஓட்டம், கட்டிங் மட்டுமே கூடும். இதே முறையில் விலை சுமார் 9,800, பிரதிக்கு 1.20-இலிருந்து 98 பைசாவாக இறங்கும். இரட்டிப்பு எண்ணிக்கைக்குப் பிரதி ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்பவரிடம் எங்கே நிற்கலாம் என்பதை இந்த வரிகள்தான் காட்டும்.

தீபக் காலத்தில் வீண்தாள் வரிக்குத் தனிக் கவனம் வேண்டும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். முதல் நிறம் ஓட்டி இரவு அடுக்கிவைத்த தாள் ஈரம் குடித்து விளிம்பில் நெளியும். மறுநாள் சிவப்பு, முன்விளிம்பில் பொருந்தி வால்விளிம்பில் விலகும். பிளேட்டை எவ்வளவு நகர்த்தினாலும் தீராவிட்டால் குறை தாளில்தான். அடுக்கைப் பாலிதீனால் மூடுவதும் இரண்டு நிறத்தையும் ஒரே நாளில் முடிப்பதும் உதவும். இல்லையேல் 150 என்று எழுதிய தாள் 300 ஆகும், காகிதச் செலவில் 126 ரூபாய் கூடும்.

வேலை முடிந்ததும் மெஷின்மேன் எழுதிய தொடக்க, முடிவு நேரங்களையும் கிடங்கிலிருந்து எடுத்த தாளையும் மதிப்பீட்டுக்கு எதிரே பதியவேண்டும். மூன்று மணி பத்து நிமிடம் என்றது தொடர்ந்து நான்கரை மணி ஆனால், தயார்நேரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அடுத்த நோட்டீஸுக்கு 40-ஐத் திருத்தி எழுதலாம்.