கைனெசினும் டைனீனும்

கைனெசின், டைனீன் ஆகியவை செல்லுக்குள் சுமை தூக்கிச் செல்லும் இயக்கிப் புரதங்கள். ஏ.டி.பி. மூலக்கூறு சிதையும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, நுண்குழல் என்னும் புரத இழையின் மேல் அடியெடுத்து நகர்கின்றன. நுண்குழலுக்கு நேர்முனை, எதிர்முனை என இரு முனைகள் உண்டு. ஆக்சான் எனப்படும் நரம்பு நீட்சியில் நேர்முனைகள் எல்லாம் நுனியைப் பார்த்தே இருக்கும். பெரும்பாலான கைனெசின்கள் நேர்முனை நோக்கி நடப்பதால், செல்லுடலில் உருவான பொருள்களை நுனிக்குக் கொண்டுசெல்கின்றன. டைனீன் நுனியிலிருந்து செல்லுடலுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது.

கீழ்முதுகிலிருந்து பாதம்வரை செல்லும் ஆக்சானின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். கைனெசினின் ஓரடி 8 நானோமீட்டர். ஆக, ஒரு சுமை நுனியை அடைய 12.5 கோடி அடிகள் வேண்டும். விரைவுப் போக்குவரத்து நாளுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் என்பதால் இரண்டரை நாள் ஆகும். தனியொரு கைனெசின் நூறு அடி அளவில் நழுவிவிடும். பல இயக்கிகள் மாறி மாறிப் பிடிப்பதால்தான் பயணம் தொடர்கிறது.

வரலாறு

1948இல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ இருவரும் நரம்பை இறுக்கிப் பார்த்தனர். செல்லுடல் இருக்கும் பக்கம் ஆக்சான் வீங்கியது. உள்ளே பொருள் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. 1980களில் கணவாயின் பெரும் ஆக்சானை வீடியோ நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமைகள் இரு திசையிலும் ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. 1985இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் அதிலிருந்து கைனெசினைப் பிரித்தெடுத்தனர். டைனீனோ 1960களிலேயே இயன் கிப்பன்ஸ் குற்றிழைகளில் கண்டறிந்தது. அதன் உறவான செல் டைனீன்தான் எதிர்த்திசை இயக்கி என்பது 1987இல் உறுதியாயிற்று.

மும்பை ஆய்வு

ஒரே சுமையில் இரண்டு இயக்கிகளும் ஒட்டியிருந்தால் திசையைத் தீர்மானிப்பது எது? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழு இதை டிக்டியோஸ்டீலியம் என்னும் அமீபா போன்ற உயிரியின் செல்லில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது. சுமைகளின் நகர்வைத் துல்லியமாக அளந்தும், ஒளிப்பொறியால் விசையைக் கணக்கிட்டும் பார்த்ததில், திசை மாறுவதற்குக் காரணம் கயிறு இழுக்கும் போட்டியே என்று தெரிந்தது. ஒரு பக்கம் வலிமையான, எளிதில் பிடி விடாத ஒரே கைனெசின். மறுபக்கம் வலிமை குறைந்த, எளிதில் நழுவும் நான்கு முதல் எட்டு டைனீன்கள். இந்த இழுபறி, சுமைகளாக இருக்கும் நுண்பைகள் பிளவுபடவும் உதவுகிறது.

எல்லை

இந்த விளக்கம் நரம்புக்கு அப்படியே பொருந்துவதில்லை. வெறும் இழுபறிதான் என்றால், ஒரு தரப்பை முடக்கியதும் மறுதரப்பு தடையின்றி ஓட வேண்டும். ஆக்சான்களில் பலமுறை அதற்கு மாறாக இரு திசை ஓட்டமும் நின்றுபோகிறது. எனவே சுமையில் ஒட்டியுள்ள இணைப்புப் புரதங்களும் இயக்கிகளை முடுக்கியும் அடக்கியும் திசையைத் தீர்மானிப்பதாகக் கருதப்படுகிறது.