நாள்பட்ட நோயுள்ள குழந்தையின் பெற்றோருக்கான நிலையான விடுப்பு ஏற்பாடு

நிலையான விடுப்பு ஏற்பாடு என்பது, அடிக்கடி வேலைக்கு வர இயலாத ஒரு பணியாளர் ஒவ்வொரு முறையும் புதிதாக விடுப்புக் கேட்காமல், வரும் மாதங்களில் எப்போது, எவ்வளவு நேரம் வர முடியாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மேலாளரின் ஒப்புதலைப் பெறும் முறையாகும். தலசீமியா, ஹீமோஃபிலியா, முதல் வகை நீரிழிவு, வலிப்பு, கடும் ஆஸ்துமா போன்ற நோய்கள் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இம்முறையை நாடுகின்றனர். இந்நோய்கள் பெற்றோரை நீண்ட காலத்துக்கு ஒரேயடியாக வீட்டில் இருத்துவது அரிது. ஆண்டு முழுவதும் ஒரு நாள், அரை நாள், இரண்டு மணி நேரம் என்று சிறு துண்டுகளாகவே நேரத்தைக் கேட்கின்றன. நீண்ட விடுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இந்தத் துண்டு விடுப்புக்குப் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வேற்பாட்டின் வேலை.

தோற்றமும் வளர்ச்சியும்

துண்டு விடுப்பைத் தனி வகையாக அங்கீகரித்த சட்டங்களுள் முக்கியமானது அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம். 50 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களில் ஓராண்டு பணிபுரிந்து, அதில் 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கு இது 12 வார ஊதியமில்லா விடுப்பைத் தருகிறது. மருத்துவத் தேவை இருந்தால் அந்த 12 வாரத்தை மணிக்கணக்கில் பிரித்தும் எடுக்கலாம். இதற்கான மருத்துவச் சான்றில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்ற மதிப்பீட்டை மருத்துவர் எழுதுகிறார். முன்கூட்டித் தெரிந்த சிகிச்சைக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நிறுவனத்தின் வேலை குலையாதபடி சிகிச்சை நாளை அமைக்கப் பணியாளர் முயல வேண்டும். நிறுவனமோ, சம ஊதியமும் சலுகைகளும் கொண்ட வேறொரு பணிக்கு அவரைத் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் கடமை வகுத்ததுதான் இச்சட்டத்தின் வலிமை.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 2003 ஏப்ரலில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும், 18 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோருக்கும் வேலை நேரத்தை மாற்றித் தருமாறு கேட்கும் உரிமை அங்கு வந்தது. விடுப்பு பெறும் உரிமையை அது தரவில்லை. முன்மொழிவை எழுதிக் கொடுக்கவும், நிறுவனம் அதைப் பரிசீலிக்கவும் மட்டுமே வழி செய்தது. மாற்றத்தால் நிறுவனத்துக்கு என்ன பாதிப்பு வரும், அதை எப்படிச் சமாளிக்கலாம் என்பதையும் விண்ணப்பதாரரே எழுத வேண்டியிருந்தது. 2014இல் இவ்வுரிமை எல்லாப் பணியாளருக்கும் விரிந்தது. 2024 ஏப்ரலில் பாதிப்பை விளக்கும் கட்டாயம் நீங்கியது. சட்டக் கட்டாயமாக அது நீங்கியது சரியே. ஆயினும், சட்டத் துணை குறைவான இடங்களில் ஒரு முன்மொழிவை நிற்கவைப்பது அந்தப் பகுதிதான்.

இந்திய விதிகள்

இந்தியாவில் இதற்கு மிக அருகில் வருவது மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008இல் வந்த குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் என்ற தாராளமான அளவு இதற்கு உண்டு. 2018இல் துணையின்றித் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் இது விரிக்கப்பட்டது. ஆனால் பொதுவாக ஓராண்டில் மூன்று தவணைகளுக்கு மேல் எடுக்க இயலாது. ஒரு தவணை ஐந்து நாளுக்குக் குறையவும் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தையின் தாய்க்கு ஆண்டில் 17 தனி நாட்கள் தேவைப்படும். அவர் கையில் 730 நாள் இருந்தும், இந்த விதியின்படி அவற்றுள் மூன்று முறைதான் பயன்படும்.

தனியார் துறையில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பும், 12 நாள் நோய் விடுப்பும், நியாயமான காரணத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. நோய் விடுப்பு பணியாளரின் சொந்த நோய்க்கு உரியது; குழந்தையின் நோய்க்கு அதைக் கேட்க முடியாது. ஆகவே பெற்றோர் நம்பக்கூடியது மற்ற இரண்டும் சேர்ந்த 24 நாட்களையே. தொழிற்சாலைகளுக்கு 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி ஆணைகள் இன்னொரு செய்தியைத் தந்தன. அனுமதியின்றி வழக்கமாக வராதிருப்பதும், அனுமதியின்றிப் பத்து நாளுக்கு மேல் வராதிருப்பதும் அவற்றில் ஒழுங்கீனங்களாக இருந்தன. குற்றமாவது அனுமதி இல்லாமைதான், வராமை அன்று. முன்கூட்டியே எழுத்தில் பெற்ற ஒப்புதல், அதே வராமையை அனுமதி பெற்ற வராமையாக்கிவிடுகிறது. நிலையான ஏற்பாட்டை முன்மொழிவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

முன்மொழிவின் அமைப்பு

நல்ல முன்மொழிவு ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. முதலில், கடந்த 12 மாதத்தில் எடுத்த விடுப்புகளை மருத்துவமனைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, தெரிந்து வந்தவை, திடீரென வந்தவை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். தெரிந்தவற்றுக்கு அடுத்த மூன்று மாதத் தேதிகளைக் கொடுக்க வேண்டும். திடீர் விடுப்புகளுக்குத் தேதி தர இயலாது என்பதால், ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற மேல்வரம்பையும், காலை எத்தனை மணிக்குள் யாருக்குத் தகவல் சொல்லப்படும் என்பதையும் தர வேண்டும். எந்த நாள் எந்தக் கணக்கில் சேரும் (சி.எல்., ஈ.எல்., இரண்டு மணி நேரப் பெர்மிஷன், விடுமுறை நாளில் வேலை செய்து ஈட்டிய காம்ப் ஆஃப்) என்பதும், அன்றைய வேலையை யார் பார்ப்பார் என்பதும், ஏற்பாட்டை மீண்டும் பார்க்கும் தேதியும் இடம்பெற வேண்டும். நோயின் பெயரையோ ஆய்வுச் சோதனை முடிவுகளையோ சேர்க்கத் தேவையில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு காலத்துக்கு என்று மருத்துவர் எழுதிய கடிதமே போதும்.

தலசீமியா மேஜர் உள்ள ஏழு வயதுக் குழந்தையின் தாய், தனியார் நிறுவனமொன்றில் கணக்காளர் என்று கொள்வோம். 21 நாளுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினால் அது எப்போதும் ஒரே கிழமையில் விழும். வியாழக்கிழமை என்று வைத்தால், ஆண்டின் 17 தேதிகளையும் இன்றே நாட்காட்டியில் குறித்துவிடலாம். ரத்தம் ஏறவே மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகிவிடுவதால் அரை நாள் போதாது. பொருத்தம் பார்க்க ரத்த மாதிரி கொடுப்பதற்கு முந்தைய மாலை இரண்டு மணி நேரப் பெர்மிஷன் வேண்டும். காய்ச்சல் முதலிய காரணங்களால் கடந்த ஆண்டு ஆறு திடீர் நாட்கள் ஆகியிருந்தால், மொத்தம் 23 நாள். தாயே எல்லாவற்றையும் சுமந்தால் 24 நாளில் மிஞ்சுவது ஒன்று. தந்தை தம் நிறுவனத்தில் இதேபோல் முன்மொழிந்து எட்டுத் தேதிகளை ஏற்றுக்கொண்டால், தாய்க்கு ஒன்பது ரத்த நாளும் ஆறு திடீர் நாளுமாக 15 ஆகும். 12 நாள் சி.எல்., மூன்று நாள் ஈ.எல்.; ஒன்பது நாள் ஈ.எல். கையில் நிற்கும்.

அடுத்து அவர் தம் வேலையின் நெருக்கடி நாட்களைத் தேதிகளோடு பொருத்த வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனத்தில் விற்பனை விவரத்துக்கு 11ஆம் தேதியும், வரி செலுத்தும் படிவத்துக்கு 20ஆம் தேதியும் கடைசி நாட்கள். ஒரு வியாழன் 20ஆம் தேதியில் விழுந்தால், அந்த முறையைத் தந்தையின் பங்கில் வைக்கலாம், அல்லது மருத்துவரைக் கேட்டு ஓரிரு நாள் நகர்த்தலாம். அதற்கு மேல் தள்ளக் கூடாது. ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபின் அளவை 9.5 முதல் 10.5 கிராம் வரை வைத்திருப்பதே சிகிச்சையின் குறிக்கோள். தள்ளத் தள்ள அது இறங்கும், குழந்தை சோர்ந்துபோகும். குழந்தை வளர வளர ரத்தத் தேவை கூடி இடைவெளியும் மாறலாம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்பாட்டைத் திருத்துவது நல்லது.

ஏற்பாடு பழுதாகும் இடங்கள் சிலவே. வாய்மொழியாக நின்றால் மேலாளர் மாறியதும் அது மறைந்துவிடும். ஆகவே ஒப்புதல் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அதன் நகல் மனிதவளப் பிரிவுக்கும் போக வேண்டும். வருகைப் பதிவு மென்பொருளில் முன்கூட்டியே ஏற்றாவிட்டால், ஒப்புதல் பெற்ற நாளும் எல்.ஓ.பி. ஆகிச் சம்பளத்தில் பிடிக்கப்படும். முதல் இரண்டு மாதச் சம்பளச் சீட்டைச் சரிபார்த்தால் இது தெரிந்துவிடும். திடீர் நாட்கள் ஆறு மாதத்துக்குள்ளேயே மேல்வரம்பைத் தொட்டால், மதிப்பீடு தவறு அல்லது நோயின் போக்கு மாறியிருக்கிறது என்று பொருள். வரம்பைக் கடந்த பின் விளக்குவதைவிட அப்போதே திருத்தம் கேட்பது நன்று.

எதிர்வாதங்கள்

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பது மேலாளர்கள் வழக்கமாகச் சொல்வது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் சட்டம் தந்த விடுப்புக்கு மேல் ஒரு நாளும் கேட்கப்படவில்லை. முன்னறிவிப்பு மட்டுமே கூடியிருக்கிறது. வேறு பணியாளரும் தமக்கு வேண்டிய நாட்களை மூன்று மாதம் முன்னரே தேதியிட்டுத் தந்தால் மேலாளருக்கு அது இலாபமே. நோய் திட்டமிட்டு வருவதில்லை, பிறகு திட்டம் எதற்கு என்பது இரண்டாவது வாதம். 23 நாளில் 17 நாள் ஓராண்டுக்கு முன்பே தெரிந்தவை. அவற்றைத் தெரிந்தவையாக அறிவித்துவிட்டால், எஞ்சிய ஆறைத் தாங்குவது எளிது. எல்லாவற்றையும் திடீர் விடுப்பாக எடுப்பவர்மீதுதான் நம்பிக்கை குறைகிறது. எழுதிக் கொடுத்தால் பதவி உயர்வில் ஒதுக்கப்படுவோம் என்ற பெற்றோரின் அச்சம் இவற்றைவிடக் கனமானது. மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தாய் என்பதற்காக ஒருவரைப் பாரபட்சமாக நடத்துவதும் சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் லண்டன் சட்ட அலுவலகச் செயலர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியத் தனியார் துறைப் பெற்றோருக்கு அத்தகைய தெளிவான காப்பு இல்லை. ஆயினும் எழுதாமலிருப்பது அவர்களைக் காப்பதில்லை. வராத நாட்கள் பதிவேட்டில் எப்படியும் ஏறுகின்றன, காரணம் மட்டும் ஏறாமல் போகிறது.

இன்றைய நிலை

தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் ஆகியவை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் பட்டியலில் உள்ளன. மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு உண்டு. இத்தகைய குழந்தைகளின் தாய்மாருக்குப் பராமரிப்பு விடுப்பு வழங்குவது குறித்து மறுபரிசீலனை செய்யுமாறு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இமாச்சலப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. தனியார் துறையில் துண்டு விடுப்பைத் தனி உரிமையாகத் தரும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை; அங்கு அது மேலாளர் ஒப்புக்கொண்ட எழுத்தையே சார்ந்திருக்கிறது.